நவரைக்கு வாங்கிய உரம், விதை பில்: கணக்கு மைனஸில் வருகிறது, எங்கே தப்பு?

செந்தில்_அம்பத்தூர்

வணக்கம். எனக்கு வேலை அம்பத்தூரில், அப்பா மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கரில் நெல் வைக்கிறார். இந்த நவரைப் போகத்திலிருந்து போகம் போகமாக இடுபொருள் செலவை எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். அப்பா பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் இங்கே எக்செலில் ஏற்றுவேன்.

கையில் மூன்று தாள் இருக்கிறது.

முதல் தாள் வேளாண்மை விரிவாக்க மையத்து விதை ரசீது. ஏடிடி 53, அறுபது கிலோ. முழு விலை 2,400, மானியம் 1,200, விவசாயி பங்கு 1,200.

இரண்டாவது தாள் உரக்கடை பில். யூரியா 4 மூட்டை 1,066, பொட்டாஷ் ஒரு மூட்டை 1,800, நானோ யூரியா ஒரு பாட்டில் 225. மொத்தம் 3,091. அதற்குக் கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு தொகை.

மூன்றாவது தாள் அதே கடையில் அப்பா கைரேகை வைத்த மிஷினிலிருந்து வந்த சின்னச் சீட்டு. அதில் அரசு மானியம் என்று ஒன்பதாயிரத்துக்கு மேல் ஒரு தொகை. அதே சீட்டில் யூரியாவுக்கு 1,599 என்று இருக்கிறது, கடை பில்லில் 1,066. வித்தியாசமும் ஏதோ மானியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போட்டது: விதை 2,400, உரம் 3,091, அதோடு ஜிஎஸ்டி, இதிலிருந்து மானியங்களைக் கழித்தேன். மொத்தச் செலவு மைனஸில் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு மைனஸில் எப்படிச் செலவு வரும்? இன்னொன்று, அடியுரத்துக்கு டிஏபி 2 மூட்டை போட்டதாக அப்பா சொல்கிறார். அதற்கு பில்லே இல்லை, காசும் கொடுக்கவில்லையாம். அதைப் பூஜ்யம் என்று போட்டிருக்கிறேன்.

ராகவ்_சிஏ_படிப்பு

தம்பி, மானியம் என்பது வரவு. செலவை முழு விலையில் எழுதி, மானியத்தை வருமானப் பக்கத்தில் தனியாகக் காட்ட வேண்டும். கணக்கியலில் அதுதான் முறை. விதைக்கு 2,400 செலவு, 1,200 வரவு. உரத்துக்கும் அப்படித்தான், 3,091 செலவு, ஒன்பதாயிரம் வரவு. மைனஸ் வருவதற்குக் காரணம் இரண்டையும் ஒரே பத்தியில் நீங்கள் போட்டதுதான். பிரித்து எழுதினால் சரியாகிவிடும்.

பழைய_கணக்கு

ராகவ் சொல்வதில் விதையைப் பற்றிய பாதி சரி, உரத்தைப் பற்றிய பாதி தப்பு. நான் கூட்டுறவுச் சங்கத் தணிக்கையில் வருஷக்கணக்கில் இருந்தவன், இந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

செந்தில், உங்கள் இரண்டு தாளிலும் மானியம் என்ற ஒரே வார்த்தை இருக்கிறது. ஆனால் அது இரண்டு வெவ்வேறு வேலை செய்கிறது.

விதை ரசீதில் மானியம் கழிவது உங்கள் கண்ணெதிரே. முழு விலை 2,400, அதில் 1,200 கழிந்து அப்பா கையிலிருந்து போனது 1,200. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பது பிறக்கிறது.

உரச் சீட்டில் அப்படி இல்லை. யூரியா மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு என்பது மானியம் ஏற்கெனவே கழிந்த விலை. அரசு அந்த மானியத்தை உரக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. எப்போது கொடுக்கிறது என்றால், கடையில் விவசாயி கைரேகை வைத்து, விற்பனை மிஷினில் பதிவான பிறகு. நாடு முழுக்க இந்த முறை 2018 மார்ச்சுக்குள் வந்துவிட்டது. சீட்டில் தெரியும் ஒன்பதாயிரம், 'உங்கள் பெயரில் விற்றதற்காகக் கம்பெனிக்குப் போகும் தொகை இது' என்ற தகவல் மட்டுமே. அப்பாவின் வங்கிக் கணக்குக்கும் அது வராது, பில்லிலும் அது கழியாது. 3,091 ரூபாயில் ஏற்கெனவே கழிந்துபோன ஒன்றை நீங்கள் இன்னொரு தடவை கழித்தீர்கள், கணக்கு தரைக்குக் கீழே போய்விட்டது. ராகவ் சொன்னபடி வரவில் எழுதினால், வராத ஒன்பதாயிரம் வந்ததாகிவிடும், நவரை லாபத்தில் ஓடியதாகத் தெரியும். அது இன்னும் மோசம்.

ஒரு தாளில் மானியம் எந்த வகை என்று பார்க்க ஒரே கேள்வி போதும். முழு விலையிலிருந்து அந்த மானியத்தைக் கழித்தால் தாளின் கடைசியில் இருக்கும் தொகை வருகிறதா? வந்தால் அது பில்லுக்குள் கழிந்த மானியம். வராவிட்டால் அது தகவல்.

மூன்றாவது வகையும் உண்டு. முழுத் தொகையை நாம் கட்டிவிடுவோம், மானியம் பிறகு வங்கிக் கணக்கில் ஏறும். உங்கள் தாள்களில் அது இல்லை. எப்போதாவது வந்தால், கட்டிய அன்று முழுத் தொகையை எழுதுங்கள், பணம் ஏறிய அன்று அதே பொருளின் பெயரில் கழித்து எழுதுங்கள். வரும் என்று நம்பி முன்கூட்டியே கழிக்க வேண்டாம்.

கீதா_மடிப்பாக்கம்

நானும் மானியத்தில்தான் வாங்கினேன், தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை. பைகள், தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்துப் பாதி விலை. ஆனால் என் கேள்வி, யூரியா கிலோ கணக்கில் எங்கே கிடைக்கும்? மடிப்பாக்கத்தில் நர்சரியில் கேட்டால் கால் கிலோ பாக்கெட் தருகிறார்கள், விலையைப் பார்த்தால் மூட்டை விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த 266 ரூபாய் விலை எங்களுக்குக் கிடையாதா?

உரக்கடை_குமார்

கீதா அக்கா, அந்த விலை மூட்டையாக, ஆதார், கைரேகை வைத்து வாங்குவதற்கு. நாலு தொட்டிக்கு மூட்டை எடுத்தால் வீட்டிலேயே கட்டியாகிப் பாழாகும். மண்புழு உரம் வாங்கிக்கொள்ளுங்கள், தொட்டிக்கு அது போதும்.

செந்தில் அண்ணா, நான் எட்டு வருஷம் உரக்கடையில் பில் போட்டவன், இப்போது கிண்டியில் வேறு வேலை. உங்கள் பதிவில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. 1,599, 1,066 வித்தியாசத்தை மானியம் என்று விட்டுவிட்டீர்கள். அது மானியம் இல்லை. 1,599-ஐ 266.50-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக ஆறு. 1,066 வகுத்தால் நாலு. அதாவது மிஷினில் அப்பா பெயரில் ஆறு மூட்டை போயிருக்கிறது, பில்லில் நாலுதான். மானியம் ஒன்பதாயிரத்துக்கு மேல் வந்ததும் ஆறு மூட்டைக்குப் போட்டதால்தான். சீட்டில் மூட்டை எண்ணிக்கை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

செந்தில்_அம்பத்தூர்

பெரிதாக்கிப் பார்த்தேன் குமார். 6 என்றுதான் இருக்கிறது. அப்பாவிடம் கேட்கிறேன்.

ஜிஎஸ்டி பற்றி யாராவது சொல்லுங்கள். 3,091 தனியாகவும் வரி தனியாகவும் இருப்பதால் கூட்டினேன்.

உரக்கடை_குமார்

கூட்டக்கூடாது. உரத்துக்கு எம்ஆர்பி என்றால் வரி உள்ளே. யூரியா நாலு மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1,066-இல் வரிக்கு முந்தைய மதிப்பு 1,015.24, சிஜிஎஸ்டி 25.38, எஸ்ஜிஎஸ்டி 25.38. மூன்றையும் கூட்டினால்தான் 1,066. பில்லில் வரியைக் கீழே பிரித்துக் காட்டுவது கடைக்காரரின் வரிக் கணக்குக்காக. கொடுத்த பணமும் கடைசித் தொகையும் ஒன்றா என்று பாருங்கள், அவ்வளவுதான். அப்பா 3,091 கொடுத்தாரா?

செந்தில்_அம்பத்தூர்

ஆமாம், 3,100 கொடுத்து ஒன்பது ரூபாய் வாங்கியதாகச் சொல்கிறார்.

ராகவ்_சிஏ_படிப்பு

பெரியவர் சொன்ன உர மானியம் பற்றி நான் யோசிக்கவில்லை, அந்தப் பகுதி என் தவறு. வரி பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடைக்காரர் கட்டிய வரியை அவர் விற்கும்போது ஈடுகட்டிக்கொள்வார். செந்திலின் அப்பா ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் இல்லை, அவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் வரியையும் சேர்த்துத்தான் அவருக்கு அடக்கவிலை.

விதையில் மட்டும் என் கருத்தில் நிற்கிறேன். 1,200 மட்டும் எழுதினால் அடுத்த வருஷம் மானியம் இல்லாமல் போனால் செலவு திடீரென்று இரட்டிப்பானதாகத் தெரியும். முழு விலையும் எங்காவது இருக்க வேண்டும்.

பழைய_கணக்கு

இருக்கட்டும், அதற்குத் தனிப் பத்தி வைக்கலாம். கூட்டும் பத்தியில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம் என்கிறேன். ரகத்தைப் பொறுத்தும் விதை மானியம் மாறும். அதனால் ரகத்தின் பெயரையும், மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையில் உள்ள குவியல் எண்ணையும் எழுதி வையுங்கள். முளைப்பு சரியில்லை என்று புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

இப்போது டிஏபிக்கு வருகிறேன். காசு கொடுக்கவில்லை என்றால் அப்பா சங்கத்தில் பயிர்க்கடன் எடுத்திருக்கிறாரா? கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் தருவார்கள். பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள்.

வேலு_உத்திரமேரூர்

இதே கதைதான் எங்கள் வீட்டிலும். தம்பி பெரம்பூரிலிருந்து கணக்குப் பார்க்கிறான், நான் ஊரில். போன சம்பாவில் சங்கத்தில் வாங்கிய உரத்தை அவன் எழுதவே இல்லை, கடன்தானே என்று. அறுவடை முடிந்து நான் கடனைத் திருப்பிக் கட்டியபோது அந்தத் தொகை முழுவதையும் அடுத்த போகச் செலவில் எழுதிவிட்டான். ரொக்கமாக வாங்கி உழவுக்கும் நடவுக்கும் கொடுத்த பணம் ஏற்கெனவே சம்பாவில் கூலியாக ஏறியிருந்தது. அது இரண்டு தடவை ஏறிவிட்டது. அந்தப் போகம் நஷ்டம், நெல்லை விட்டு உளுந்து போடலாம் என்று சொல்ல ஆரம்பித்தான்.

பழைய_கணக்கு

வேலு சொன்னதுதான் பொறி. பொருள் எந்த நாள் வீட்டுக்கு வந்ததோ அந்த நாள் அதன் விலை செலவு. பணம் யார் கையிலிருந்து போனது என்பது வேறு கணக்கு. கடனைத் திருப்பும்போது அசல் செலவே இல்லை. தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. தவணை தாண்டினால் வரும் வட்டி மட்டும் செலவு. சங்கத்தில் பங்குத்தொகை என்று பிடித்திருந்தால் அதையும் உரத்தில் சேர்க்காதீர்கள், அது சங்கத்தில் இருக்கும் உங்கள் அப்பாவின் பணம்.

செந்தில்_அம்பத்தூர்

சனிக்கிழமை தாம்பரத்தில் ரயில் ஏறி ஊருக்கே போய் வந்தேன். போனதில் நாலு விஷயம் தெரிந்தது.

டிஏபி சங்கத்தில் வாங்கியதுதான். பாஸ்புக்கில் பொருள் கடன் 2,700 என்று இருக்கிறது, மூட்டை 1,350.

அந்த ஆறு மூட்டை விஷயம். பக்கத்து நிலத்துக்காரருக்கு வயசு எழுபதுக்கு மேல். மிஷினில் அவர் ரேகை விழவில்லை. அப்பா ரேகையிலேயே அவருக்கும் இரண்டு மூட்டை போட்டிருக்கிறார்கள். 533 ரூபாய் அவரே கடையில் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு இது சாதாரண விஷயம், அதனால் என்னிடம் சொல்லவில்லை.

யூரியா நாலில் மூன்றுதான் நவரைக்குப் போட்டிருக்கிறார். ஒன்று திண்ணையில் பலகை மேல் இருக்கிறது, அடுத்து வரும் சொர்ணவாரிப் போகத்துக்கு.

நானோ யூரியா பாட்டில் திறக்கவே இல்லை. கேட்டு வாங்கியதில்லையாம். யூரியா வேண்டுமென்றால் அதையும் எடுக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம்.

இன்னொரு கஷ்டம், மிஷின் சீட்டு ஒரே மாதத்தில் பாதி வெளுத்துவிட்டது. நான் அன்றைக்குப் படம் எடுத்து வைத்ததால் பிழைத்தேன்.

உரக்கடை_குமார்

அண்ணா, அந்த இரண்டு மூட்டை உதவியாகச் செய்ததுதான், ஊரில் எங்கும் நடக்கிறது. ஆனாலும் அப்பாவிடம் சொல்லுங்கள், இனி வேண்டாம். வாங்கிய அளவு அவர் ஆதாரில் ஏறிவிடுகிறது. இரண்டு ஏக்கருக்கு இவ்வளவு யூரியாவா என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மானிய யூரியா வேறு தொழிலுக்குக் கடத்தப்படுவதால் அதிக அளவு வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து விசாரிப்பது உண்டு. ரேகை விழாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று விரிவாக்க மையத்தில் அந்தப் பெரியவரே கேட்கட்டும்.

சேர்த்து எடுக்கச் சொல்வது பற்றி. நான் இருந்த கடையிலும் மேலேயிருந்து அப்படித்தான் தள்ளிவிடுவார்கள், நாங்கள் விவசாயி தலையில் கட்டுவோம். செய்தது தப்பு. அதை வாங்கினால்தான் யூரியா என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பில்லோடு எழுதிக் கொடுக்கலாம். நல்ல வேளையாக உங்கள் பில்லில் பாட்டில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. சில இடங்களில் தனித் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இன்படி விற்கிற உரத்துக்கெல்லாம் ரசீது தந்தாக வேண்டும்.

ராகவ்_சிஏ_படிப்பு

யூரியா மூட்டை 50 கிலோ, அதில் மூன்று என்றால் 150 கிலோ. ஏக்கருக்கு 75 கிலோ வருகிறது, சரிதானே?

பழைய_கணக்கு

50 கிலோ என்பது 2018-க்கு முந்தைய மூட்டை. இப்போது யூரியா 45 கிலோ, டிஏபி 50 கிலோ. மூட்டைக் கணக்கில் எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள், கிலோவில் எழுதுங்கள் என்று சொல்வது இதற்குத்தான். மூன்று மூட்டை 135 கிலோ, ஏக்கருக்கு 67.5. அதில் தழைச்சத்து 46 சதம், அதாவது ஏக்கருக்கு 31 கிலோ. டிஏபி ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதிலிருந்து இன்னொரு 9 கிலோ. ஆக 40 கிலோ. குறுகிய கால நெல்லுக்கு நம்பக்கூடிய அளவு. ஆறு மூட்டையும் அப்பா போட்டதாக எழுதியிருந்தால் தழைச்சத்து ஏக்கருக்கு 71 கிலோ வந்திருக்கும். பயிர் சாய்ந்திருக்கும், புகையான் பூச்சி வந்திருக்கும். வயல் அப்படி இல்லை என்றாலே தாளில் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும்.

செந்தில்_அம்பத்தூர்

எல்லாம் சேர்த்துத் திருத்தி எழுதினேன். உரக்கடைச் சரக்கு ஐந்து மூட்டையும் குட்டியானையில் 300 ரூபாய் வாடகைக்கு வந்தது, மூட்டைக்கு 60. விதையும் டிஏபியும் அப்பா டிவிஎஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார்.

விதை 60 கிலோ: 1,200
யூரியா 3 மூட்டை: 799.50
டிஏபி 2 மூட்டை, சங்கக் கடன்: 2,700
பொட்டாஷ் 1 மூட்டை: 1,800
வாடகை, பயன்படுத்திய நாலு மூட்டைக்கு: 240
நவரை மொத்தம்: 6,739.50

திண்ணையில் இருக்கும் யூரியா மூட்டை வாடகையோடு 326.50, அதை சொர்ணவாரிக்கு எழுதிவிட்டேன். விதை மானியம் 1,200 கூட்டலில் சேராத தனிப் பத்தியில். உரச் சீட்டின் மானியத்தை எங்கும் எழுதவில்லை. போகம் வாரியாகக் கூட்ட இது வேலை செய்கிறது, எஃப் பத்தியில் தொகை, எச் பத்தியில் போகத்தின் பெயர்:

```
=SUMIFS(F:F,H:H,"நவரை")
```

நிற்பது அந்த 225 ரூபாய் பாட்டில்தான். நவரையில் எழுதவா, வேண்டாமா?

வேலு_உத்திரமேரூர்

எழுதுங்கள். அது இல்லாமல் யூரியா கிடைத்திருக்காது. அப்படியானால் அது யூரியாவின் விலைதான். நாலு மூட்டைக்கும் பிரித்தால் மூட்டைக்கு ஐம்பத்தாறு ரூபாய் கூடுகிறது. விவசாயி உண்மையில் யூரியாவுக்கு என்ன கொடுக்கிறான் என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

பழைய_கணக்கு

நான் அப்படி எழுத மாட்டேன். யூரியா விலையில் கலந்துவிட்டால் அடுத்த வருஷம் ஒப்பிடும்போது எது உர விலை, எது தள்ளிவிட்டது என்று பிரிக்க முடியாது. பாட்டில் இன்னும் திறக்கவில்லை, கைவசச் சரக்கு. காலாவதித் தேதி பார்த்து, அதற்குள் தெளித்தால் அந்தப் போகத்தில், தெளிக்காவிட்டால் காலாவதியான மாதத்தில் நஷ்டமாக எழுதலாம்.

வேலு_உத்திரமேரூர்

ஐயா, பாட்டில் பரணில் கிடக்கும், காசு போய்விட்டது. அதைச் சரக்கு என்பது எனக்கு ஒப்பவில்லை.

செந்தில்_அம்பத்தூர்

இப்போதைக்கு 'கேட்காமல் வந்தது' என்று ஒரு தனிப் பதிவு போட்டு 225 எழுதியிருக்கிறேன், எந்தப் போகத்திலும் சேர்க்கவில்லை. பாட்டிலின் காலாவதித் தேதியை அப்பாவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பில்லோடு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதற்கு அவர் தயங்குகிறார், அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பது அந்த ஒரு கடைதான்.